வயதுக்குக் கழிக்க வேண்டியது

இருபத்துநாலு வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த வயதில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஆள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் சென்னையில் மனோதத்துவம் படித்து முடித்து, திருவனந்தபுரத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மொத்த வியாபாரம். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் வீட்டில் பேச்சு மாறவில்லை. "புத்தியை அளக்கதுக்கு ஒரு படிப்பா மக்ளே? நல்லதுதான். நான் சர்க்கரையை அளக்கேன், நீ புத்தியை அள. தராசு மட்டும் செரியா இருக்கணும், கேட்டியா" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கல்லூரியின் பின்கட்டில் எங்கள் சோதனை அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, நிறுத்து கடிகாரம் ஒன்று, வண்ணக் கட்டைகள் அடுக்கிய பெட்டி, படங்கள் ஒட்டிய அட்டைகள். எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. எங்கள் பேராசிரியர் நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவர், ஐம்பத்தாறு வயது, கோட்டைக் கழற்றாத மனிதர். அறிவைப் பற்றி வகுப்பில் பேசும்போது, அறிவு ஒன்றல்ல, இரண்டு என்று ஆரம்பிப்பார். முன்பின் பார்த்திராத ஒரு கணக்கை, ஒரு புதிரை, அந்த இடத்திலேயே பிடித்து அவிழ்க்கிற அறிவு ஒன்று. படித்தும் பழகியும் சேர்த்து வைத்த அறிவு இன்னொன்று: சொற்கள், விவரங்கள், கைவந்த தொழில். முதலாவது ஓடுகிற அறிவு. அது வாலிபத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல மெல்ல வேகம் குறையும். இரண்டாவது படிந்த அறிவு. அது நாற்பதிலும் ஐம்பதிலும்கூட வளரும், நன்றாக முதுமை தட்டும் வரைக்கும் அசையாது. இதைக் கேட்டபோது எனக்கு அப்பாவின் கடைதான் நினைவுக்கு வந்தது. பாகு எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் அந்த வடிவம் எடுக்கும். கற்கண்டு கட்டிவிட்டால் பிறகு அதன் வடிவம் அதற்கு.

இவ்வளவும் எனக்குத் தெரியும். சென்னையிலேயே பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வாய்ப்பாடாகத் தெரிவது வேறு, எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் தெரிவது வேறு என்பது மட்டும் தெரியாது.

நாங்கள் பயன்படுத்திய அளவுகோலில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அதில் பல சிறு சோதனைகள். சொல்லுக்குப் பொருள் சொல்வது, பொது விவரம் சொல்வது மாதிரியானவை வயதானாலும் தாங்கி நிற்பவை. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, படத்தைப் பார்த்து வண்ணக் கட்டை அடுக்குவது, எண்ணுக்கு எதிரே அதற்குரிய குறியை வேகமாக எழுதுவது மாதிரியானவை தாங்காதவை. தாங்குபவற்றின் மதிப்பெண்ணிலிருந்து தாங்காதவற்றின் மதிப்பெண்ணைக் கழித்து, அந்த வித்தியாசம் தாங்குபவற்றில் நூற்றுக்கு எவ்வளவு என்று பார்த்தால், ஒருவர் முன்பு எந்த உயரத்தில் இருந்தார், இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறார் என்பது தெரியும். நோயால் மூளை கெட்டவரை இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். இந்த அளவுகோலின் புத்தகம் எங்களிடம் இல்லை. சென்னையில் ஒருவரிடம் ஒரே ஒரு பிரதி இருந்தது. அங்கிருந்து கிளம்புமுன் பத்து நாள் உட்கார்ந்து கையாலேயே பிரதி எடுத்து வந்தவள் நான். அந்த நீல மசி நோட்டை நான் யாரையும் தொட விட்டதில்லை.

அவர் அந்த அறைக்கு வந்தது ஒரு மழைக்கால முற்பகலில். அறுபத்துமூன்று வயது. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தென் தாலுக்காக்களிலிருந்து வரும் தமிழ்ச் சாட்சிகள் சொல்வதை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஜட்ஜிக்குச் சொல்லும் வேலை. கரமனையில் வாடகை வீடு. மனைவி இல்லை. ஒரே மகள் டைபாய்டில் போய்விட்டாள், மருமகன் அதற்கு முன்னமே. மிச்சமிருந்தது ஆறு வயதுப் பேத்தி ஒருத்திதான். அவளைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டு, கூட்டி வந்து, சோறு ஊட்டி, எல்லாம் அவர் கையால்.

பிள்ளையின் பெரியப்பா மலேயாவில் ரயில்வேயில் வேலை. குழந்தை இல்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். விடுப்பில் வந்தவர் தம்பியின் பிள்ளையைத் தானே வளர்க்க வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார். கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது, பிள்ளை அவரிடம் பத்திரமாக இருக்காது என்பது பெரியப்பாவின் வக்கீல் வாதம். அதற்கு ஒரு சம்பவமும் அவர்களிடம் இருந்தது. கிழக்கேகோட்டையில் பஸ்கள் நிற்கிற இடங்களை மாற்றி வைத்திருந்தார்கள். மாற்றிய வாரத்தில் இவர் பழைய இடத்திலேயே பேத்தியோடு நின்று, வந்த பஸ்ஸில் ஏறி, கரமனைக்குப் பதிலாக விழிஞ்ஞத்தில் போய் இறங்கியிருக்கிறார். பிள்ளைக்குக் கடலைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். வீட்டு வாசலில் பெரியப்பா காத்துக்கொண்டு நின்றிருந்தார்.

கோர்ட் எங்கள் கல்லூரிக்கு எழுதியது. பேராசிரியர் கடிதத்தை என் மேஜையில் வைத்து, "வயசான கேஸ் நம்மகிட்ட வந்ததில்லையே அம்மா. பாத்துச் செய்" என்றார். நான் பார்த்துத்தான் செய்தேன்.

அவர் வெள்ளை ஜிப்பாவும் மடித்த அங்கவஸ்திரமுமாக வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். என் வயதில் அவருக்கு மகளே இருந்திருக்கலாம். ஆனால் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டார். "பயமா இருக்கு டீச்சர். எத்தனையோ பேரைக் கூண்டிலே ஏத்திப் பாத்திருக்கேன். நான் ஏறினது இதுதான் முதல் தடவை" என்று சிரித்தார்.

சொற்களில் தொடங்கினேன். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வருகின்றன. பட்டியலில் இருந்த ஒரு சொல்லையும் அவர் விடவில்லை. "சாட்சி என்றால் என்ன?" என்று கேட்டேன். "எதை வேணும் டீச்சருக்கு? கண்டவன் ஒருத்தன். கேட்டவன் ஒருத்தன். வக்கீல் வீட்டுத் தாழ்வாரத்திலே வெச்சுப் படிச்சவன் இன்னொருத்தன். மூணு பேரும் சாமி சத்தியமாத்தான் சொல்லுவான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முழு மதிப்பெண் போட்டேன். பொது விவரக் கேள்விகளிலும் அப்படித்தான். கல்லூரி மாணவர் எவரும் அந்த மேஜையில் அவ்வளவு வாங்கியதில்லை.

பிறகு எண்கள். நான் சொன்ன எண்களை அப்படியே சொல்வதில் பழுதில்லை. அவற்றைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது நாலு எண்ணோடு நின்றுவிட்டார். ஐந்து எண் வரிசையில் இரண்டு முறை தவறி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். குறி எழுதும் தாளில் ஒன்றரை நிமிஷத்துக்குள் மாணவர்கள் எழுதுவதில் பாதிதான் எழுதினார். ஆனால் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை, கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது. முத்துக்கு மதிப்பெண் கிடையாது, எண்ணிக்கைக்குத்தான்.

கட்டைகளில்தான் எல்லாம் கைவிட்டுப் போயிற்று. அட்டையில் இருக்கும் உருவத்தை ஒன்பது கட்டைகளால் அமைக்க வேண்டும். அவர் ஒரு கட்டையை எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பார், வைப்பார், எடுப்பார். கடிகாரத்தை நான் நிறுத்தியபோது மூலைக் கட்டை ஒன்றுதான் பாக்கி. "ஒரே ஒரு நிமிஷம் டீச்சர்" என்று கெஞ்சினார். நான் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, கட்டத்தில் பூஜ்யமென்று சுழி போட்டேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் அந்தக் கட்டையைத் திருப்பிச் சரியாக வைத்துவிட்டார். "வந்துட்டு பாத்தேளா!" என்றார். நான் பார்த்தேன். விதிப்படி சுழி சுழிதான்.

அன்று சாயங்காலமே நீல நோட்டைத் திறந்து கணக்குப் போட்டேன். தாங்குபவற்றுக்கும் தாங்காதவற்றுக்கும் நடுவே அவருக்கு இருந்த பள்ளத்தைப் போல நான் அதுவரை கண்டதில்லை. எங்கள் மாணவர்களில் ஒருவரிடமும் அதில் கால் பங்குகூட இருந்ததில்லை. புத்திச் சிதைவு ஆரம்பித்திருக்கிறது, நிச்சயம் என்று தோன்றியது. எனக்குக் கொஞ்சம் பெருமிதமாகவும் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இவ்வளவு சாதுரியமாகப் பேசுகிற மனிதரிடத்தில் உள்ளே நடக்கிற சேதத்தை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது, என் கணக்கு கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். அறிக்கையை இங்கிலீஷில் எழுதினேன். பேராசிரியர் கடைசி வரியைப் படித்துவிட்டு, "நிச்சயமாத் தெரியுமா?" என்றார். கணக்கைக் காட்டினேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தாமும் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அவர் ஒரு நாள் தனியாகக் கல்லூரிக்கு வந்தார். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே வந்திருந்தார். அறிக்கையின் நகல் வக்கீல் மூலம் அவர் கைக்கு வந்துவிட்டது. எனக்குள் எரிச்சல். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் சண்டை போடவில்லை. "டீச்சர், முப்பது வருஷம் டாக்டர்மாரும் எக்ஸ்பெர்ட்டுமாரும் கூண்டிலே சொன்னதை நான் வரிக்கு வரி மாத்திச் சொல்லியிருக்கேன். சாட்சி பொய் சொல்லுவான், வக்கீல் பொய் சொல்லுவான். ஆனா இந்த மாதிரி ரிப்போர்ட் எழுதினவன் பொய் சொல்லி நான் பாத்ததில்லே. அதனாலே உங்ககிட்டே ஒண்ணு கேக்கேன். வக்கீலுக்குச் சொல்லுத மாதிரி வேண்டாம். இது இன்னும் கூடுமா? இல்லே, இப்படியே நிக்குமா?"

நான் யோசித்தேனா? இல்லை. நோட்டில் இருந்ததைத்தான் சொன்னேன். "கூடத்தான் செய்யும்" என்றேன். பிறகு இரக்கம் வந்ததுபோல, "மெதுவாகத்தான் கூடும்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் தம் கைகளைப் பார்த்தார். "அப்போ பிள்ளைக்குப் பத்து வயசாகும்போ நான் அவளையே யாருன்னு கேப்பேன், இல்லியா?" என்றார். நான் நீல நோட்டை மூடி வைத்தேன். அவர் எழுந்து, எனக்குக் கை கூப்பினார். ஓர் அறுபத்துமூன்று வயது மனிதர், இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கு. நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

கோர்ட் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அவரே சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று பிற்பாடு அறிந்தேன். தம் கைப்பட, மூன்று மொழியிலும். மாதம் முடியுமுன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு பெரியப்பாவும் பெரியம்மாவும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிட்டார்கள். பிள்ளை விழுந்து புரண்டு அழுதாளாம். ரயிலடியில் அவர் அழவில்லை என்று சொன்னார்கள். அவளுடைய சட்டைகள் எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பட்டியல் எழுதி, பெரியம்மா கையில் கொடுத்தாராம்.

எனக்கு வருத்தம் இருந்தது. ஆனால் குற்ற உணர்ச்சி இல்லை. கசப்பு மருந்து கொடுத்த டாக்டரைப் போல என்னை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கடைக்குப் போனால் அப்பா, "உன் தராசு எப்படி இருக்கு?" என்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, பயிற்சி மாணவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. உட்காரச் சொன்னவர்கள் எல்லாம் வெட்கப்பட்டு நழுவினார்கள். பேராசிரியர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, "நான் உக்காருறேன்" என்று மேடை ஏறினார். சொற்களில் பிளந்து கட்டினார். எண்களைத் திருப்பிச் சொல்லும்போது திணறினார், மாணவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கட்டைகளில் இரண்டு உருவம் நேரத்துக்குள் முடியவில்லை. "இந்தக் கட்டைங்க சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் லாயக்கு" என்று கிண்டல் செய்தார். நான் கரும்பலகையில் கணக்குப் போட்டேன். போட்டுக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டேன். பள்ளம் கிழவருடையதைவிட ஆழமாக இருந்தது.

"என்னம்மா, எனக்கும் புத்தி சிதைஞ்சு போச்சா?" என்று பேராசிரியர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் பாதியில் நின்றது. வகுப்பைக் கலைத்துவிட்டு என் நோட்டைக் கேட்டார். ஒரு பக்கம் விடாமல் படித்தார். "வயசுக்கு எங்கே கழிச்சிருக்கே?" என்றார்.

எனக்கு அவர் கேட்டது விளங்கவில்லை. அவரே சொன்னார். ஆரோக்கியமான மனிதர்களுக்கும் வயதாக ஆக இந்தப் பள்ளம் விழும். நோய் இல்லாமல், கேடு இல்லாமல், தலை நரைப்பதைப் போலத் தானாக விழும். ஓடுகிற அறிவு வேகம் தணிகிறது, படிந்த அறிவு படிந்தபடியே நிற்கிறது, நடுவில் இடைவெளி வராமல் என்ன செய்யும்? ஆகையால் கணக்கில் வருகிற இறக்கத்திலிருந்து அந்தந்த வயதுக்கு இயல்பாக உள்ள இறக்கத்தைக் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் பெரிதாக எஞ்சினால்தான் நோயைப் பற்றிப் பேசலாம். "அதுக்குன்னு ஓர் அட்டவணை இருக்கணுமே. இல்லாம யாரும் இப்படி ஒரு முறை செய்ய மாட்டான்" என்றார்.

அந்த அட்டவணையை நான் பார்த்திருக்கிறேன். அதுதான் கொடுமை. சென்னையில் பத்தாவது நாள், கை வலி தாங்கவில்லை, சாயங்காலம் ரயில். கடைசியில் வயது வாரியாக எண்கள் நிறைந்த பக்கங்கள் வந்தன. நாம் சோதிக்கப் போவது பதினெட்டும் இருபதுமான பிள்ளைகளைத்தானே, நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நமக்கென்ன வேலை என்று புத்தகத்தை மூடிவிட்டேன். என் வயதுக்குக் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை அல்லவா!

சென்னைக்கு எழுதி அந்தப் பக்கங்களை வரவழைத்தோம். வந்து சேர்ந்த அன்று கிழவருடைய தாளை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். எஞ்சியது, எந்த நல்ல மனிதருக்கும் இருக்கக்கூடிய ஏற்ற இறக்கத்துக்குள் இருந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. அறுபத்துமூன்று வயது ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என் கணக்கில் ஒருவர் எவ்வளவு சொல்வளம் உள்ளவரோ அவ்வளவு பள்ளம் பெரிதாகத் தெரியும். எங்கள் வீட்டுச் சமையல்காரக் கிழவிக்கும் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தேன். கட்டைகளில் அவள் அவரைவிடக் குறைவாக வாங்கினாள். ஆனால் பள்ளிக்கூடம் போகாதவள், பட்டியலில் இருந்த சொற்களிலும் குறைவாகவே வாங்கினாள். பள்ளம் இல்லை. என் பழைய கணக்குப்படி அவள் புத்தி முழுசு. முப்பது வருஷம் மூன்று மொழியைத் தோளில் சுமந்த மனிதரைத்தான், அவர் சுமந்ததை வைத்தே நான் கவிழ்த்திருக்கிறேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை, தராசைப் பற்றியும் கேட்கவில்லை.

கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்றார் பேராசிரியர். முதலில் கிழவரிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். கரமனைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று இவரிடம் சொல்வது நல்ல செய்தியா? மூளை கெடுகிறது என்று நம்பித்தான் பிள்ளையைக் கொடுத்தார். அந்த நம்பிக்கைதான் அவர் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பு. அதைப் பிடுங்கினால் ஆள் விழுந்துவிடுவாரோ? சொல்லாமலே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டியிருந்தது: உப்பு, புளி, காப்பிப்பொடி. கதவின் உட்புறம் "சாவி எடு" என்று எழுதி ஒட்டியிருந்தார். தனியாகப் பஸ் ஏறுவதை விட்டுவிட்டார். பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டார், "படிச்சு என்ன நிக்கப்போகுது டீச்சர்?" என்றார். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அன்றன்றைக்கு மறந்தது எது என்று தேதிவாரியாகக் குறித்து வைத்திருந்தார். கண்ணாடியை வைத்த இடம். பால்காரர் மகனின் பெயர். பழைய ஜட்ஜி ஒருவரின் பெயர், சாயங்காலம் ஞாபகம் வந்துவிட்டது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. "கூடிக்கிட்டு வருதா பாருங்கோ. எனக்கு அவ்வளவு தெரியல்லே. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எல்லாருக்கும் மறப்பதுதான் அவருக்கும் மறந்திருந்தது. ஒரு மனிதர் எட்டு மாதமாகத் தம்மைத் தாமே நோயாளியாக வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. இனியும் இதை விட்டுவைக்க எனக்கு உரிமை இல்லை.

சொன்னேன். தாளை விரித்து, எந்த எண் எங்கே வந்தது, எதை நான் கழிக்காமல் விட்டேன், ஏன் விட்டேன் என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். வயதானவருக்குப் புதிதாக ஒன்றைக் கற்க நேரம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான், கற்க முடியாது என்பதில்லை என்றேன். பஸ் நிற்கிற இடத்தை மாற்றினால் யாரும் தடுமாறுவார்கள், அதற்குப் பெயர் நோய் இல்லை என்றேன். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லே. நான்தான் தப்புப் பண்ணினேன். என்னை மன்னிச்சுக்கணும்" என்று நான் கை கூப்பினேன்.

அவர் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். கழித்தலை விரல் வைத்துச் சரிபார்த்தார். சந்தோஷப்படுவார் என்று ஒரு மூலையில் நான் நினைத்திருக்க வேண்டும். அவர் முகம் அப்படியே விழுந்தது.

"அப்படின்னா பிள்ளையை நான் சும்மாவா குடுத்தேன்?" என்றார்.

அவர் எழுந்து உள்ளே போனார். அவர் அழுகிற சத்தம் கேட்டது. வயதான ஆண் அழுவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தார். கையில் மலேயாவிலிருந்து வந்த கடிதம் ஒன்று. நான் கோர்ட்டுக்கு எழுதலாம், மறுபடியும் விசாரிக்கச் சொல்லலாம், பேராசிரியரே வந்து சொல்வார் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். அவர் கடிதத்தைப் பிரித்துக் காட்டினார். பிள்ளையின் கையெழுத்து. பெரியம்மாவை அம்மா என்று எழுதியிருந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தாள். கடைசியில், தாத்தாவுக்குத் தலை சரியாயிற்றா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தாள்.

"ஒரு தடவை பிடுங்கி நட்டாச்சு. இப்பத்தான் வேர் பிடிச்சிருக்கு. இன்னொரு தடவை பிடுங்கினா நாத்து தாங்காது டீச்சர்" என்றார். பிறகு என் தாளை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இதைக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஆருகிட்டேயும் சொல்லவும் வேண்டாம். பிள்ளை பெரியவளாகி ஒரு நாள் கேப்பா, தாத்தா என்னை ஏன் அனுப்பினாருன்னு. தாத்தாவுக்குப் புத்தி கெட்டுப் போச்சு, அதனாலே அனுப்பினாருன்னு சொன்னா மனசு ஆறும். நல்ல புத்தியோட இருக்கும்போதே கப்பல் ஏத்திவிட்டாருன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. அது அப்படியே இருக்கட்டும்."

அதைச் சொன்ன மனிதரிடம் புத்தியைப் பற்றி நான் என்ன பேச? பேராசிரியரிடம் வந்து சொன்னேன். அவர் கோர்ட்டுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டார். அதை அனுப்பாமல் வைக்க அவருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் எங்களுக்கு இதற்கு மேல் கை வைக்க உரிமை இல்லை என்று இருவருக்கும் தோன்றியது. அது சரியா, தப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கிழவர் இன்னும் சில வருஷம் இருந்தார். மறுபடி பத்திரிகை வாங்கினார், தனியாகப் பஸ் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். மலேயாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவாராம், ஆனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அவன் கையால்தான் எழுதுவிப்பாராம். அந்த முத்தான கையெழுத்தைப் பார்த்தால் தாத்தாவின் தலைக்கு ஒன்றும் இல்லை என்று பேத்திக்குத் தெரிந்துவிடும் அல்லவா. கடைசி வரைக்கும் புத்தி தெளிவாக இருந்தது என்று, கடைக்கு வருகிற கரமனைக்காரர்களோடு அவர் சாவுக்குப் போய்வந்த அப்பா சொன்னார். கோர்ட் காகிதத்தில் மட்டும், என் கையெழுத்துக்கு மேலே, அவர் புத்தி சிதைந்தவராகவே இருக்கிறார்.